அரை அங்குலம் கூட்டி

கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், நாலாம் மாடியில் எங்கள் வீடு. கீழே போக அறுபத்துநான்கு படிகள். லிஃப்ட் இருக்கிறது. அதன் வாசலில் குறுக்கே ஒரு கதிரையைப் போட்டுவைத்திருக்கிறார்கள், இப்போது அந்தக் கதிரையும் ஆடத் தொடங்கிவிட்டது. திருத்த வருகிறவர் ஒவ்வொரு முறையும் காவலாளியிடம் "ஹெட்ட" என்று சொல்லிவிட்டுப் போவார். சிங்களத்தில் நாளைக்கு என்று அர்த்தம். அந்த நாளை எங்கள் கட்டடத்துக்கு மட்டும் வருவதில்லை.

நான் சேலைக்குச் சட்டை தைக்கிறவள். முப்பது வருடமாக இதே ஒழுங்கைப் பெண்களின் தோளும் மார்பும் கையும் என் அளவுநாடாவுக்குள் வந்து போயிருக்கின்றன. ஒருத்தி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுடைய அளவு எனக்குத் தெரிந்துவிடும். பிறகு நாடாவை எடுப்பது ஒரு மரியாதைக்குத்தான். இப்படிச் சொல்வது தலைக்கனம் என்று தெரியும். அந்தத் தலைக்கனத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் கணக்கப்பிள்ளை ஆனார். நான் அளவெடுத்துச் சொல்ல, அவர் கொப்பியில் எழுதுவார். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நான் உடம்பின் அளவை உள்ளபடி சொல்வேன். சட்டைக்கு மூச்சுவிட இடம் வேண்டுமே, அதற்காக அவர் எழுதும்போது அரை அங்குலம் கூட்டிக்கொள்வார். நானே கூட்டிச் சொன்னால், நிற்கிற பெண்ணின் முகம் சுருங்கிவிடும். "ஐயோ, நான் அவ்வளவு பெருத்திட்டனோ?" என்று தொடங்கினால் அன்றைக்கு வேலை நடக்காது. ஆகவே வாய் ஒன்று சொல்லும், பேனை ஒன்று எழுதும். இருபதுக்கு மேற்பட்ட கொப்பிகள் அப்படித்தான் நிரம்பின.

வீட்டை விட்டு நான் வெளியே போவதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுத்தேன். இருபது பேர். கடையில் நிற்கிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறவர்கள், புருஷனோடு சண்டை பிடித்துவிட்டு நேரே வருகிறவர்கள். சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். வீட்டில் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற ஆறு நாளையும் அந்த ஒரு நாள்தான் தாங்கிப்பிடித்தது.

அதை என் இடது கால் பறித்தது. உட்பக்கக் கணுவுக்கு மேலே முதலில் தோல் கறுத்தது, பிறகு அரித்துக் கடித்தது, பிறகு ஒருநாள் மேசைக் கால் தட்டி உடைந்து புண்ணானது. ஆறவில்லை. காலில் இருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகிற நாளங்கள் தளர்ந்து, இரத்தம் கீழேயே தேங்குகிறது என்றார் மருத்துவர். முப்பது வருடம் உட்கார்ந்தும் நின்றும் உழைத்த கால். பாதத்துக்கு வருகிற இரத்தம் சரியாக ஓடுகிறதா என்று ஒரு சிறிய கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, கிழமைக்கு ஒருமுறை இறுக்கிக் கட்டுப்போடத் தொடங்கினார்கள். ஏழு மாதம். ஒவ்வொரு கிழமையும் அறுபத்துநான்கு படி இறங்கி, அறுபத்துநான்கு படி ஏறினேன், குழந்தைப்பிள்ளை மாதிரி ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து.

கடைசியில் புண் மூடியது. மருத்துவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"தோல் இன்னும் வெங்காயத் தோல் மாதிரித்தான் இருக்கு. இனிமேல் ஒவ்வொரு நாளும் காலை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டொக்கிங் போடவேணும். முழங்காலுக்குக் கீழ வரைக்கும். விடிய கட்டிலால இறங்க முதல் போட்டு, படுக்கேக்கை கழட்டுங்கோ. விட்டால் திரும்ப உடைஞ்சிடும். உடைஞ்சால் வோர்ட்டிலதான் படுக்கவேணும்."

"எங்க வாங்கிறது, டொக்டர்?"

"கோல் ரோட்டில கடை இருக்குத்தானே. எந்த இறுக்கம் எண்டு எழுதித் தாறன். ஆனால் நீங்களே போய் அளவு குடுங்கோ. காலமை வெள்ளென போங்கோ, கால் வீங்க முதல்."

எனக்கு இது பெரிய பகிடியாக இருந்தது. வெள்ளவத்தையையே அளந்தவள், கால் கொடுத்து அளவு பார்க்க வேறு ஒருத்தியிடம் போகவேண்டுமாம். அதற்கு அறுபத்துநான்கு படி வேறு. தை மாதம் வகுப்புத் தொடங்குகிறது. மண்டபத்துப் பொறுப்பாளர் அம்மா எனக்காக அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். "நீங்கள் தையில வராட்டி வேற ஆளைப் போடவேண்டி வரும், ரீச்சர்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். அதுவரை காலைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும், படிகளில் வீணாக்கக்கூடாது. இப்படி நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு பின்னேரம், நாலு சட்டை தைத்து முடித்த பிறகு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் காலை நானே அளந்தேன். கணுவுக்கு மேலே ஒடுங்கிய இடம் ஒன்பதரை. கெண்டையின் பருத்த இடம் பதினைந்து. துணி என்றால் உடம்புக்கு இடம் விடவேண்டும் என்பது என் இரத்தத்தில் ஊறிய பாடம். யோசிக்காமலேயே இரண்டிலும் அரை அங்குலம் கூட்டினேன். பிறகு கூடத்தில் இருந்த கணவருக்குக் குரல் கொடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, எழுதுங்கோ. கணுக்கால் பத்து. கெண்டை பதினைஞ்சரை."

அவர் எழுதிக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வந்து, அந்தக் கடையில் ஒரு பெண் இருக்கிறாள், கொட்டாஞ்சேனைக்காரி, சரியான பிடிவாதக்காரி என்று சொன்னார்.

"கடுதாசியில அளவு எடுக்கமாட்டாவாம். ஆளைக் கூட்டிக்கொண்டு விடியக் காலமை வரட்டாம். நான் சொன்னன், என்ர மனிசி தையல்காரி, அளவெடுக்கிறதில அவவை வெல்ல ஆளில்லை எண்டு. பிறகுதான் தந்தவ."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவர் கொண்டுவந்த பெட்டியில் பெரிய அளவைக் குறிக்கிற எழுத்து இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்த நாள் விடிய, கட்டிலில் இருந்தபடியே போட்டேன். வழுக்கிக்கொண்டு ஏறியது. இதைப் போடுவதற்குக் கையுறை வேண்டும், ஆள் வேண்டும், அரை மணித்தியாலம் வேண்டும் என்றெல்லாம் கிளினிக்கில் மற்றப் பெண்கள் பயமுறுத்தியிருந்தார்கள். எல்லாரும் அளவு தெரியாமல் வாங்கியவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் அது கெண்டையிலிருந்து சரிந்து, கணுவுக்கு மேலே மடிந்து கிடந்தது. இழுத்துவிட்டேன். சரிந்தது. இழுத்தேன். மூன்று நாள் இதுவே வேலை. பின்னேரமானால் பாதம் பன்போலப் பொங்கியது.

அந்த நேரத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான்: கடைக்குப் போய், அளவு பிழைத்துவிட்டது என்று சொல்வது. என் வாயால் அதைச் சொல்லவேண்டுமே. அதுவும், அளவெடுக்கிறதில் என்னை வெல்ல ஆளில்லை என்று என் கணவர் முழங்கிவிட்டு வந்த அந்தப் பெண்ணின் முன்னால். நான் அதைச் செய்யவில்லை. அவர் மரக்கறி வாங்கக் கீழே போன நேரம் பார்த்து, மெஷினில் இழுபடுகிற துணிக்குப் போடுகிற ஊசியைப் போட்டேன். எந்த இடத்தில் நழுவுகிறதோ அந்த இடத்தைப் பிடித்தால் சரி. கெண்டையின் மேல்பகுதியில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கமும் பிடித்து ஒடுக்கமாகத் தைத்தேன். வெளியே தெரியவே தெரியாத தையல். போட்டுப் பார்த்தேன். நழுவவில்லை. கொழும்பு முழுக்கத் தேடினாலும் இப்படியொரு கைவேலை கிடையாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் என் கையை நானே அடிக்கவேண்டும் போல இருக்கிறது.

கெண்டைக்கு மேலே இறுக்கம், கணுக்காலில் தளர்வு. பையின் வாயைக் கட்டிவிட்டு உள்ளே தண்ணீர் விட்டது மாதிரி. அப்போது எனக்கு அது விளங்கவில்லை. பின்னேரங்களில் கால் கனத்தது. கழற்றினால் தையல் இருந்த இடத்தில் சிவந்த பள்ளம். பாதத்தை விரலால் அமுக்கினால் குழி விழுந்து, அது நிரம்ப நெடுநேரம் எடுத்தது. மூடியிருந்த புண்ணின் மேலே தோல் பளபளத்தது. நான் நீளமான வீட்டுச் சட்டைகளை உடுத்திக்கொண்டேன். அவர் கேட்டால், "நல்லாக் கிடக்கு" என்பேன்.

"கழட்டிக் காட்டும் பாப்பம்."

"இப்பத்தான் போட்டனான். திரும்ப ஆர் மல்லுக்கட்டுறது?"

கிளினிக்குக்குப் போகும் நாளையும் தை கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பொய் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. அந்தப் பொய்யோடு ஒரே வீட்டில், மூன்று அறைக்குள், இரவு பகலாக இருப்பதுதான் கஷ்டம். அவர் என் காலைப் பார்க்கிறாரா என்று நான் பார்த்தேன். நான் பார்க்கிறேனா என்று அவரும் பார்ப்பதுபோல் இருந்தது.

தை மாதத்து முதல் வகுப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, அறுபத்துநான்கு படியும் இறங்கி, த்ரீவீலரில் ஏறி, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இருபது பேரில் பதினேழு பேர் வந்திருந்தார்கள். ஒருத்தி கட்டிப்பிடித்தாள். ஒருத்தி பற்றிஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க எல்லாரையும் ஏசினேன். அளவெடுப்பதில்தான் தொடங்கினோம். "நாடாவுக்கும் உடம்புக்கும் நடுவில உங்கட விரல் ஒண்டு போகவேணும். அந்த இடம்தான் சட்டையின்ர உயிர்" என்று நின்றபடியே சொன்னேன். நான் எப்போதும் நின்றுதான் படிப்பிப்பேன்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். காலில் ஒரு கம்பியைச் சுற்றி யாரோ முறுக்குவது போல இருந்தது. மற்றக் காலில் பாரத்தைப் போட்டேன். கதிரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் முழங்கால் மடிந்து இன்னும் இறுக்கியது. எழும்பினேன். கழற்றிவிட்டால் போதும். எங்கே கழற்றுவது? அந்த மண்டபத்தில் ஒரே ஒரு கழிப்பறை, அதன் வாசலில் மூன்று பேர் நின்று கதைக்கிறார்கள். கழற்றினால் புண் தெரியும். புண் தெரிந்தால் பொறுப்பாளர் அம்மாவின் காதுக்குப் போகும். அடுத்த செவ்வாய் எனக்கு இருக்காது. ஆகவே சிரித்துக்கொண்டு நின்றேன். கைவெட்டு வளைவைக் கரும்பலகையில் கீறும்போது சுண்ணக்கட்டி இரண்டுதரம் உடைந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் நான் என்ன படிப்பித்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

திரும்பும்போது மருதானையில் வாகனங்கள் அசையவில்லை. முன்னால் பஸ், பக்கத்தில் லொறி, பின்னால் ஹோர்ன். த்ரீவீலருக்குள் காலை நீட்டவும் இடமில்லை. சேலைக்கு மேலாக அந்தத் தையலைக் கையால் பிடித்துப் பார்த்தேன், விரல் நுழைய இடமில்லை. காலையில் நான் சொல்லிக்கொடுத்த அதே விரல். செருப்பின் வார் பாதத்துக்குள் புதைந்திருந்தது. உள்ளே ஈரமாக ஏதோ ஊர்வதை உணர்ந்தேன். பயந்துபோனேன். உண்மையாகவே பயந்தேன், கால் போய்விடுமோ என்று. சாரதி கண்ணாடியில் பார்த்து "மொக்கத அம்மே?", என்னம்மா என்று சிங்களத்தில் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன்.

படிகளில் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. முப்பத்திரண்டாவது படியில் உட்கார்ந்ததும், கைபிடியில் தலையை வைத்ததும் நினைவிருக்கிறது. மேலே இருந்து கணவர் இறங்கி வந்து தூக்கினார்.

கட்டிலில் இருத்தி, அவர் காலுறையின் மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தார். அது தையல் வரை வந்தது, அதற்குக் கீழே வரவில்லை. வீங்கிய கெண்டைக்கு மேலே தையல் பூட்டுப் போட்ட மாதிரி நின்றது. நான் கத்தினேன்.

"வெட்டுங்கோ," என்றேன்.

"என்னத்தால?"

மெஷினுக்குப் பக்கத்தில் என்னுடைய பெரிய கத்தரிக்கோல் இருந்தது. துணி தவிர வேறு எதையும் அதால் வெட்ட நான் விட்டதில்லை. ஒருமுறை அவர் அதால் பால்மா பைக்கற்றை வெட்டியதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் நான். அவர் அதை எடுத்துவந்து, ஒரு அலகை என் தோலுக்கும் காலுறைக்கும் நடுவே மெல்ல மெல்ல நுழைத்து வெட்டினார். தையல் அறுந்தபோது ஒரு சத்தம் வந்தது. கால் முழுக்க நெருப்பாகி, பிறகு இளகியது. கணுவுக்கு மேலே, மூடியிருந்த இடம் பழையபடி திறந்துகொண்டது.

அவர் வெட்டிய துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இந்தத் தையல் உம்மடதானே," என்றார்.

"ஓம்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்மேல் உள்ள கவலையில்தான் வாயடைத்துப்போனார் என்று நினைத்தேன்.

வோர்ட்டில் போடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டு போனேன். மருத்துவர் காலைப் பார்த்தார், வெட்டிய காலுறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தாதியைக் கூப்பிட்டு மறுபடியும் கட்டுப்போடச் சொன்னார். இன்னும் இரண்டு கிழமை கழிந்திருந்தால் படுக்கத்தான் வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். கட்டுப்போட்ட தாதி சிறு பிள்ளைக்குச் சொல்வது போல் எனக்குச் சொன்னாள்: "அம்மா, கணுக்காலிலதான் இறுக்கம் ஆகக் கூட இருக்கவேணும். மேல போகப்போகக் குறையவேணும். அப்பதான் ரத்தம் மேல ஏறும். நீங்கள் தலைகீழா மாத்திப்போட்டியள். கீழ வந்த ரத்தத்துக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் அடைச்சு வச்சிருந்தியள்."

அன்று பின்னேரம் பொறுப்பாளர் அம்மாவுக்கு நானே எடுத்துச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், மிகவும் கவலைப்பட்டார். அடுத்த செவ்வாய்க்கே வேறொரு ரீச்சரைப் போட்டுவிட்டார். "சுகமான பிறகு வாங்கோ, பாப்பம்" என்றார். பாப்பம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

அதன் பிறகு நாலு மாதம் இந்த நாலாம் மாடி. காலைத் தலையணை மேலே தூக்கிவைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பேன். ஜன்னலில் எதிர்க் கட்டடத்தின் உடுப்புக் கொடிகள், அவற்றுக்கு நடுவே ஒரு கைக்குட்டை அளவு கடல். கடற்கரை ரயில் போகிற சத்தம் கேட்கும், ரயில் தெரியாது. செவ்வாய்க்கிழமைகளில் பத்து மணிக்கு எனக்கு எரிச்சல் வரும். தேத்தண்ணி சூடில்லை என்று அவரை ஏசுவேன். அவர் மறுபடி போட்டுக்கொண்டு வருவார். அந்தப் பணிவு எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. நான் செய்த முட்டாள்தனத்துக்கு இந்த மனிதர் ஏன் இப்படிக் கூனிக்குறுகுகிறார் என்று விளங்கவில்லை.

புண் மறுபடி மூடியபோது மருத்துவர் திட்டமாகச் சொன்னார்: கடையிலிருந்து ஆள் வந்து அளக்கவேண்டும், இல்லாவிட்டால் நான் போகவேண்டும். கணவர் போய்க் கெஞ்சியிருக்கிறார். அந்தப் பிடிவாதக்காரப் பெண் வேலைக்குப் போகிற வழியில் வருவதாக ஒத்துக்கொண்டாளாம். "அன்ரியைக் கட்டிலால இறங்கவேணாம் எண்டு சொல்லுங்க. கால் நிலத்தில படக்கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

காலை ஆறரைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். படியேறி மூச்சு வாங்கியது. தோள்பையிலிருந்து நாடாவை எடுத்தாள், சென்ரிமீற்றர் பக்கத்தைத் திருப்பினாள். நான் படுத்திருந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக, நாடாவுக்கு மறுபக்கத்தில் கிடந்தேன். கூச்சமாக இருந்தது. இந்தக் கூச்சத்தோடுதானே எல்லாப் பெண்களும் என் முன்னால் நின்றிருப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது.

கணுவுக்கு மேலே ஒடுங்கிய இடத்தை விரலால் தடவித் தேடினாள். நாடாவைத் தோலோடு ஒட்டிச் சுற்றினாள். அமுக்கவில்லை, தளரவும் விடவில்லை. இரண்டுதரம் பார்த்தாள்.

"இருபத்திமூணரை."

பிறகு கெண்டையின் பருத்த இடம். "முப்பத்தேழு." குதியிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம் பார்த்தாள். பிறகு வலது காலையும் அதேபோல் அளந்தாள். இரண்டு காலும் ஒன்றல்ல, ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்கக்கூடாது என்றாள். தன் பாட்டில் ஒரு அட்டையில் எழுதினாள்.

"இதுக்கு எவ்வளவு கூட்டுவியள்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒண்டும் கூட்டமாட்டன், அன்ரி. இது சட்டை இல்ல. உங்கட கால் எவ்வளவோ அவ்வளவு. நாங்க கூட்டினா அது பிடிக்காது. குறைச்சா வெட்டும்." பிறகு சிரித்தாள். "நடுத்தர அளவு. மீடியம். நான் முதல்லயே நினைச்சன், அங்கிள்ட கடுதாசியைப் பாத்து. இவ்வளவு பெரிய காலா எண்டு."

"கடுதாசியோ?"

அட்டையின் பின்னால் ஊசி குத்தி வைத்திருந்தாள். நேரில் அளக்காமல் கொடுத்தால் அந்தக் கடுதாசியைப் பத்திரப்படுத்துவாளாம், பிறகு பிழை தன் தலையில் விழாமல் இருக்க. எடுத்து என் கையில் தந்தாள். என் கணவரின் குண்டுக் கையெழுத்து. கணுக்கால் பத்தரை. கெண்டை பதினாறு.

நான் சொன்னது பத்து. பதினைந்தரை.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் அளவு அட்டவணையை விரித்து, ஒரு பேனையால் காட்டினாள். பத்து அங்குலமும் பதினைந்தரையும் என்றால் மீடியத்தின் கடைசி எல்லைக்குள் வருமாம். பத்தரையும் பதினாறும் என்பதால் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டதாம். கட்டிலுக்குக் கிட்டப் போட்டிருந்த கதிரையில் அவர் குனிந்தபடி இருந்தார்.

"இஞ்சேருங்கோ. நீங்கள் கூட்டினீங்களோ?"

"நீர் எப்பவும் உள்ளதைத்தானே சொல்லுறனீர்," என்றார். "நான்தானே கூட்டுறது. அண்டைக்கும் அப்பிடித்தான். உமக்கு இறுகக்கூடாது எண்டுதான்..."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"கத்தரிக்கோலால வெட்டினன் பாரும், அண்டைக்கு. தையலைப் பாத்தோடன யோசிச்சன், ஏன் தளர்ந்தது எண்டு. நான் கூட்டினது ஞாபகம் வந்தது. சொல்ல வாய் வரயில்லை. உம்மட செவ்வாய்க்கிழமை போயிட்டுது. நீர் ஒவ்வொரு செவ்வாயும்..."

நானும் அரை அங்குலம் கூட்டிச் சொன்னதை மறைத்து, நாலு மாதமாக என் வாய்க்குள் நான் ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு கிடந்தேன். அந்த மனிதர் தன் வாயிலும் ஒன்றைப் போட்டுக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். அந்த அரை அங்குலம் இல்லாவிட்டால் சரியான அளவு வந்திருக்கும், அது நழுவியிருக்காது, நான் மெஷினைத் தொட்டிருக்கமாட்டேன், கொட்டாஞ்சேனையில் இப்போது நின்று ஏசிக்கொண்டிருப்பேன். இவ்வளவும் ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது. பிறகு, அந்த வழக்கத்தை அவருக்குப் பழக்கியது யார் என்ற கேள்வியும் ஓடியது. பின்னேரம் வீங்கிய காலை அளந்தது யார், யோசிக்காமல் கூட்டியது யார், தைத்தது யார். கோபத்தைப் போட ஒரு இடமும் கிடைக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். வேற்றுப் பெண்ணின் முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை. அவள் என் வலது பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

போகும்போது, மூன்று நாளில் கொண்டுவருவதாகவும், போடுவதற்கு ரப்பர்க் கையுறை வாங்கி வைக்கும்படியும், ஆறு மாதத்தில் மறுபடி அளக்கவேண்டும் என்றும் சொன்னாள். அந்தக் கடுதாசியைத் திரும்பக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

சரியான அளவு காலுறை வந்தது. அது வழுக்கிக்கொண்டு ஏறவில்லை. ஒவ்வொரு நாளும் விடிய, நான் கட்டிலில் காலை நீட்ட, அவர் கையுறை போட்டுக்கொண்டு குதி வரை உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, குதியைச் சரியாக இருத்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே தடவி ஏற்றுவார். பத்து நிமிடம் எடுக்கும். இருவருக்கும் வியர்க்கும். ஏறி முடிந்ததும் கால் முழுவதையும் யாரோ ஒரே சீராகப் பிடித்துக்கொண்டிருப்பது போல் இருக்கும், மூச்சுவிட ஒரு நூல் இடம் இல்லாமல். சாகும்வரை பகலெல்லாம் இதற்குள்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கும்போது சில காலைகளில் வெறுத்துப்போகும். கொட்டாஞ்சேனையில் புது ரீச்சர் நன்றாகப் படிப்பிக்கிறாராம். லிஃப்ட் வாசலில் கதிரை அப்படியே இருக்கிறது.

ஆனால் புண் திறக்கவில்லை. இப்போதும் பெண்கள் சட்டைக்கு அளவு கொடுக்க மேலே வருகிறார்கள். நாடா என் கையில், கொப்பி அவர் கையில். போன கிழமை ஒரு பிள்ளை வந்தாள், கலியாணத்துக்குத் தைக்க. நான் அளந்து, "மார்பு முப்பத்திநாலு" என்றேன். அவர் பேனையைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். அந்தப் பிள்ளை முன்னால், முகம் சுருங்கினாலும் சுருங்கட்டும் என்று, வாய்விட்டே கேட்டார்.

"கூட்டவோ, விடவோ?"

"கூட்டுங்கோ," என்றேன்.